விடைபெறும் உரை எழுதுவது எப்படி: ஓய்வு பெறும் ஆசிரியருக்கான செய்முறை

மொரீஷியஸில் கல்வியாண்டு நவம்பரில் முடிகிறது. நல்ல வெயில் காலம் அது. உங்களை வழியனுப்பும் நாளிலும் பிள்ளைகள் முற்றத்தில் நின்றபடிதான் கேட்பார்கள். ஆகவே உரை நான்கு நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நிதானமாகப் படித்தால் ஏறத்தாழ 350 சொற்கள் போதும். நான் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கீழே வரும் மாதிரிகள் என் உரைக்காக எழுதியவை.

படி 1: ஆட்களை அல்ல, செயல்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளில் நன்றி சொல்ல வேண்டியவர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் செய்த ஒரே ஒரு செயலைக் குறியுங்கள். அது கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "அன்பானவர்", "பண்பானவர்" என்றுதான் எழுத வருகிறது என்றால், அந்த நன்றி இன்னும் கனியவில்லை. நம் பள்ளிகளில் தமிழாசிரியருக்குப் பெரும்பாலும் தனி வகுப்பறை கிடையாது; மற்றவர்களின் வகுப்புகளுக்கு மாறி மாறிச் சென்று பாடம் நடத்துவோம். அதனால் என் தாளில் முதலில் விழுந்த செயல் கரும்பலகையைப் பற்றியது.

படி 2: முதல் வரைவை எழுதி, அடைமொழிகளை அடியுங்கள்

என் முதல் வரைவு இப்படி இருந்தது: "என் உள்ளத்தின் அடியாழத்திலிருந்து, என்றென்றும் மறக்க முடியாத அன்பைப் பொழிந்த என் அருமைச் சக ஆசிரியர்களுக்குக் கண்ணீர் மல்க நன்றி கூறுகிறேன்." இதை எந்த ஊரில் எந்த ஆசிரியரும் சொல்லலாம், கேட்பவருக்கு முகம் எதுவும் தெரியாது. திருத்தியது இது: "ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் கரும்பலகையின் வலப்பக்கத்தில் கால்பகுதியை எனக்காக ஒதுக்கியிருந்தார். நான் எழுதிவிட்டுப் போன தமிழ் எழுத்துகளை அடுத்த நாள் நான் வரும்வரை அவர் அழித்ததே இல்லை. கணக்குப் பாடத்துக்கு இடம் போதாதபோது சிறிய எழுத்தில் எழுதிச் சமாளித்தார். நன்றி, ஐயா." இங்கே "நன்றி" என்ற சொல் ஒரே முறைதான் வருகிறது, அதுவும் இறுதியில். செயலை முதலில் சொல்லி நன்றியைப் பின்னால் வைத்தால் குரல் தழுதழுக்காது. முன்னால் வைத்தால் அதை நியாயப்படுத்த மேலும் மேலும் சொற்கள் தேவைப்படும்.

இந்த அளவுக்கு விரிவாக மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் போதும். மற்றவர்களைப் பிரிவு பிரிவாக ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் பள்ளிக் காவலரும் துப்புரவுப் பணியாளரும் அந்த வாக்கியத்தில் விடுபடக் கூடாது. 2002 ஜனவரியில் டினா சூறாவளி வீசி ஓய்ந்தபின் நனைந்த பாடநூல்களைத் தாழ்வாரத்தில் விரித்துக் காயவைத்தவர் எங்கள் காவலர்தான் என்பதால், என் மூவரில் அவரும் ஒருவர்.

படி 3: மாணவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி

மாணவர்களில் சிலரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் மற்றவர்களின் முகம் வாடும். மாணவனைக் கேலிக்குள்ளாக்கும் கதையும் வேண்டாம். ஆசிரியர் சற்றே தோற்றுப்போன நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். நான் சொன்னது: "எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். ஒரு சிறுவன் எழுந்து, 'மிஸ், நீங்க சொல்லும்போது ன, ண ரெண்டும் காதுல ஒண்ணாத்தானே விழுது?' என்று கிரியோலில் கேட்டான். அன்று மாலை வீட்டில் கண்ணாடி முன் நின்று என் நாக்கைச் சோதித்தேன். அவன் சொன்னது சரிதான்." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களிடமும் நான் கற்றேன் என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

படி 4: உரக்கப் படித்துக் குறியிடுங்கள்

வீட்டில் மூன்று முறை உரக்கப் படியுங்கள். தொண்டை அடைக்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பீர்கள். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்து, தேதியோ எண்ணோ பொருளின் பெயரோ வரும்படி மாற்றுங்கள்; எண்ணைச் சொல்லும்போது குரல் தானே நிலைக்கு வரும். அப்படியும் அடைத்தால், மன்னிப்புக் கேட்காமல் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். தமிழ் தெரியாத சக ஆசிரியர்களுக்காகக் கிரியோலில் இரண்டு வாக்கியங்களை நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அதுவரை அவர்கள் வெறுமனே காத்திருப்பார்கள்.

படி 5: முடிவு

கவிதை வரியோடு முடிக்கும் வழக்கம் எனக்கு ஒப்புவதில்லை. கைதட்டலைக் கேட்டு வாங்குவது போல் இருக்கும். அடுத்து வருபவருக்குப் பயன்படும் செய்தியோடு முடியுங்கள். என் கடைசி வாக்கியங்கள் இவை: "அலமாரியின் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டாம் தட்டில் எழுத்து அட்டைகள் உள்ளன. 'ழ' அட்டை மட்டும் கிழிந்திருக்கிறது, புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். வணக்கம்."