விளக்கெண்ணெய் குடித்தபின் இரண்டாம் முறை குடிக்க அவசரப்பட வேண்டாம்

திருப்பாதிரிப்புலியூரில் என் உறவினர் ஒருவர், காலை ஆறு மணிக்கு 15 மில்லி விளக்கெண்ணெய் குடித்து, ஏழு மணி வரை வயிறு அசையாததால் மீண்டும் அதே அளவு குடித்துவிட்டு, பகல் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

எண்ணெய் அப்படியே வேலை செய்வதில்லை. சிறுகுடலில் லைபேஸ் நொதி அதைச் சிதைத்து ரிசினோலிக் அமிலத்தைப் பிரித்த பிறகே, அந்த அமிலம் குடலின் மென்தசைச் செல்களில் உள்ள இபி3 என்னும் புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியைத் தூண்டி, குடலைச் சுருங்க வைக்கிறது. வழவழப்பால்தான் பேதியாகிறது என்று நாம் நம்பி வந்தது முழு உண்மையன்று. இந்த ஏற்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தபோது பேதியே ஆகவில்லை என்று 2012இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது.

எனவே பலன் தெரிய இரண்டு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம், அதுவரை பொறுத்திருங்கள். கருப்பைத் தசையிலும் இதே ஏற்பி இருப்பதால், கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. கடும் வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் யாருமே குடிக்கக் கூடாது; குடல் அடைப்பாக இருந்தால் சுருக்கம் ஆபத்தாகும்.