கிளினிக்குக்கு எந்த வாரம் போக வேண்டும்? ஒரு தங்கச்சியின் கணக்கு

முதலில் கர்ப்ப வாரத்தை எண்ணப் பழக வேண்டும். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுவதுதான் பலர் விடும் பிழை. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளே கணக்கின் முதல் நாள்.

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு தங்கச்சிக்கு அது ஜனவரி 5 என்று வைப்போம். முதல் பிள்ளை. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் ஒக்டோபர் 12. அன்று 40 வாரம் நிறையும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு ஆரம்ப ஸ்கேன்தான் நாளைச் சொல்லும்.

8 வாரத்துக்குள், அதாவது மார்ச் 2க்கு முன், மிட்வைஃப் அம்மாவிடம் பதிந்துகொள்ளுங்கள். 'எச் 512' அட்டை கிடைக்கும். முதல் கிளினிக்கில் உயரம், நிறை, பிரஷர், சிறுநீர் பார்ப்பார்கள். இரத்தத்தில் குரூப், ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதிப்பார்கள். ஒரு நாள் பேர், அன்றைய சம்பளம் போய்விடுமே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையின் முதுகுத்தண்டு உருவாகும் வாரங்கள் இவை, ஃபோலிக் அமிலம் வேலை செய்வதும் இப்போதுதான். பின்னால் பிரஷர் ஏறினால் ஒப்பிட்டுப் பார்க்கவும் இந்த முதல் அளவு வேண்டும்.

12 வாரம் கழிந்ததும் (மார்ச் 30) இரும்புச்சத்து, கல்சியம், விட்டமின் சி மாத்திரைகளும் பூச்சி மாத்திரையும் தருவார்கள். முதல் பிள்ளை என்பதால் ஏற்பு ஊசி இரண்டு முறை, சில வார இடைவெளியில்.

நம் லயங்களில் மாத்திரை வீணாவது தேத்தண்ணியால்தான். சாயம் வயிற்றில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்புக்குள் சேர விடாது. கல்சியமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும், இரும்பை இரவு படுக்கும்போது வெறும் தண்ணீரிலும் போடுங்கள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரமாவது தேத்தண்ணி வேண்டாம். மலம் கறுப்பாய்ப் போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம். ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 11க்குக் கீழேயே நின்றால் டொக்டரிடம் காரணம் கேளுங்கள்.

18 முதல் 22 வாரத்துக்குள் (மே 11 – ஜூன் 8) பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். 24 வாரத்திலிருந்து வயிற்றை டேப்பால் அளப்பார்கள். சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். 24–28 வாரத்தில், வெறும் வயிற்றில் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சீனி பார்ப்பார்கள். ஹீமோகுளோபினும் மறுபடி.

28 வாரம் வரை மாதம் ஒரு முறை, 36 வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு வாரா வாரம் என்பது பொது வழக்கம். 36ஆம் வாரத்தில் (செப்டெம்பர் 14) தலை கீழே இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி, இரவில் யாருடைய வாகனம் என்பதை அன்றே முடிவு செய்யுங்கள்.

இரத்தம் பட்டாலும், நீர் உடைந்தாலும், கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தாலும், பிள்ளை அசைவது குறைந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஒக்டோபர் 12 வந்தும் வலி வராவிட்டால், அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.