ரப்பர் டேம் போட்ட பிறகும் கசிந்தால்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்த்தாடையின் இடது பக்க முதல் கடைவாய்ப்பல், அதாவது 36ஆம் பல். பல்லின் பின்பக்கச் சுவர் சொத்தையில் கரைந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டது. என்னிடம் பயிற்சியில் இருந்த மாணவி அதற்கு ரூட் கெனால் செய்துகொண்டிருந்தார். ரப்பர் டேம் போட்டிருந்தார், ஃபிரேமும் நேராக இருந்தது. எட்டிப் பார்த்தபோது பல்லின் பின்னால், ரப்பரின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. கீழிருந்து உமிழ்நீர் மேலே வருகிறது என்று அர்த்தம். உமிழ்நீர் மேலே வருகிற வழியில் ஹைப்போகுளோரைட் கீழேயும் போகும்.

அந்த நோயாளிக்கு எதுவுமே தெரியவில்லை. மரத்துப்போன வாய்க்கு ஈறு எரிவது எப்படித் தெரியும்? "எரிந்தால் சொல்வார்" என்று மாணவர்கள் நினைப்பதுதான் இதில் எனக்குப் பெரிய பயம். ஊசியின் வேகம் இறங்கிய பிறகுதான் வலி தெரியும், அதற்குள் ஈறு வெளுத்துப் புண்ணாகியிருக்கும்.

டேம் போடுவதற்கு இரண்டு காரணங்கள். கைநழுவும் ஃபைல் தொண்டைக்குள் போகாமல் தடுப்பது ஒன்று. உமிழ்நீரில் இருக்கும் கிருமிகள் கால்வாய்க்குள் போகாமலும், உள்ளே விடும் ஹைப்போகுளோரைட் வாய்க்குள் வராமலும் தடுப்பது இன்னொன்று. கசியும் டேம் முதல் வேலையைச் செய்துவிடும், இரண்டாவதைச் செய்யாது. கால்வாயை ஒருபக்கம் சுத்தம் செய்துகொண்டே மறுபக்கம் கிருமியை உள்ளே விடுவதாகத்தான் முடியும்.

அந்த மாணவியின் பல்லுக்கே வருவோம். முதல் தவறு, டேமைப் போடக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. பின்பக்கச் சுவர் இல்லாத பல்லில், ரப்பர் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. எவ்வளவு நல்ல கிளாம்ப் மாட்டினாலும் ரப்பரின் ஓரம் பள்ளத்துக்குள்தான் விழும். அதனால் முதலில் சொத்தை முழுவதையும் எடுக்க வேண்டும். அப்புறம் மேட்ரிக்ஸ் பேண்டும் வெட்ஜும் வைத்து, அந்தச் சுவரை காம்போசிட்டாலோ கிளாஸ் அயனோமராலோ கட்டி எழுப்ப வேண்டும். ஈறு ஓரத்தில் ஈரத்தை முழுசாகக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் கிளாஸ் அயனோமர் கொஞ்சம் தாங்கும். பல்ப் அறை ஏற்கெனவே திறந்திருந்தால், கால்வாய் வாய்களின் மேல் டெஃப்லான் டேப்பை உருட்டி வைத்துவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பொருள் உள்ளே இறங்கிவிடும். சொத்தையை விட்டுவைத்து அதன் மேல் சுவர் கட்டுவதும் தவறுதான். அதன் அடியிலும் கசியும்.

இதை நேர விரயம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நாலு பக்கமும் சுவர் இருந்தால் மருந்து நீர் அறைக்குள் தேங்கி நிற்கும், அடுத்த வருகை வரை வைக்கும் தற்காலிக அடைப்பும் பிடித்து நிற்கும்.

அடுத்தது கிளாம்ப். அதன் தாடைகள் பல்லை நான்கு இடங்களில் தொட வேண்டும், அதுவும் பல்லின் அகலமான பகுதிக்குக் கீழே. மூன்று இடத்தில் மட்டும் தொட்டால் ஆடும். ஆடும் கிளாம்ப் ரப்பரைத் தூக்கிவிடும், நடுவில் தெறித்தும் போகும். மாட்டியதும் வளைவின் மேல் விரல் வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இன்னொரு அளவை எடுங்கள். சுவர் உயரம் குறைந்த கடைவாய்ப்பலுக்கு, தாடைகள் ஈறு நோக்கிச் சாய்ந்த 14ஏ மாதிரியான கிளாம்ப் உதவும். அது ஈற்றைக் கடிக்கும், ஆகவே நாக்குப் பக்க ஈறும் மரத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வாய்க்குள் சோதித்துப் பார்க்கும்போதே கிளாம்பில் ஃப்ளாஸ் கட்டியிருக்க வேண்டும். ஒரு துளையில் மட்டும் கட்டினால் போதாது. வளைவு நடுவில் உடைந்தால் ஒரு பாதிதான் கைக்கு வரும். இரண்டு துளைகளிலும் நுழைத்துக் கட்டி, நுனியை வாய்க்கு வெளியே விடுங்கள்.

ரப்பரில் துளையிடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பஞ்ச் முழுசாக வெட்டாவிட்டால் துளையின் ஓரத்தில் சின்னப் பிசிறு நிற்கும். கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும். பல்லின் மேல் இழுத்ததும் அந்த இடத்திலிருந்து கிழியும், அல்லது அந்த மூலையில் கசியும். குத்தியதும் ரப்பரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துளைக்கு வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் ஜெல் தடவுங்கள். வாசலின் லேடெக்ஸைப் பலவீனமாக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இருந்தால் லேடெக்ஸ் இல்லாத ஷீட் எடுக்க வேண்டும்.

இறக்கை வைத்த கிளாம்ப் என்றால் போடுவது எளிது. கிளாம்பின் இறக்கைகளைத் துளைக்குள் நுழைத்து, ரப்பரை ஃபிரேமில் மாட்டி, ஃபோர்செப்ஸால் மொத்தமாகத் தூக்கிப் பல்லில் வைக்கலாம். வளைவு பின்பக்கம் பார்த்திருக்கட்டும். கிளாம்ப் உட்கார்ந்ததும் பெரும்பாலோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ரப்பர் இன்னும் இறக்கையின் மேல்தான் இருக்கிறது. மொட்டையான கருவியால் இரண்டு பக்கமும் அதை இறக்கையின் கீழே தள்ளிவிட வேண்டும்.

பிறகு ஃப்ளாஸைப் பல் இடுக்கில் இறக்கி ரப்பரைக் கீழே கொண்டு போங்கள். ஃப்ளாஸை மேலே தூக்கி எடுக்காதீர்கள், இறங்கிய ரப்பரும் கூடவே வந்துவிடும். பக்கவாட்டில் இழுத்து எடுங்கள். கடைசியாகக் காற்று அடித்துப் பல்லை உலர்த்தியபடியே, ரப்பரின் ஓரத்தை உள்பக்கமாக மடித்து ஈறு இடுக்கில் செருகுங்கள். ஈரமாக இருந்தால் ஓரம் வழுக்கி வெளியே வந்துவிடும். உலர்ந்த பல்லில்தான் ஒட்டி நிற்கும்.

இனி சோதனை. ஹைப்போகுளோரைட்டைத் தொடுவதற்கு முன், வெறும் தண்ணீரைப் பல்லைச் சுற்றிக் குளம்போல் விட்டு அரை நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினாலோ குமிழி வந்தாலோ எந்த மூலை என்று தெரிந்துவிடும். தண்ணீரை உறிஞ்சி, அந்த இடத்தை உலர்த்தி, டேமுக்கென்றே இருக்கும் அடைப்புப் பசையையோ விளக்கு ஒளியில் இறுகும் ஈறுத் தடுப்பு ரெசினையோ வைத்து மறுபடியும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பசை சின்ன இடைவெளிக்குத்தான். சுவரே இல்லாத இடத்தில் பசையை அப்பி ஒப்பேற்ற முடியாது. அந்த மாணவி முதலில் அதைத்தான் செய்து பார்த்தார், பத்து நிமிடத்தில் மறுபடியும் குமிழி வந்தது. டேமைக் கழற்றி, சுவரைக் கட்டி, திரும்பப் போட்ட பிறகு தண்ணீர் அப்படியே நின்றது.

வேறொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த பல், கிரவுன் போட்ட பல், அறை சுருங்கிப்போன பல் ஆகியவற்றில் டேமை முதலில் போட்டால் வேரின் திசை தெரியாமல் பக்கவாட்டில் துளைத்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே அறையைத் தேடும்வரை டேம் இல்லாமல் வேலை செய்யலாம். அறை கிடைத்ததும், முதல் ஃபைலைக் கையில் எடுப்பதற்கு முன், டேம் போட்டாக வேண்டும்.

முடிந்து கழற்றும்போது ரப்பரை விரித்துத் துளையைப் பாருங்கள். வட்டம் முழுசாக இருக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தால் அது பல் இடுக்கிலோ ஈற்றுக்கு அடியிலோ இருக்கிறது. அதை எடுத்த பிறகுதான் நோயாளியை எழுந்திருக்கச் சொல்லுங்கள்.