ஒரு மைனஸ் குறி தவறினால் எத்தனை மார்க் குறைக்கலாம்? ஸ்டெப் மார்க் போடும் முறை

நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய முதல் வருடம், ஒரு மாணவியின் விடைத்தாளில் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன். விடை 7 வர வேண்டும், அவள் 23 என்று எழுதியிருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் அவள் என் மேசைக்கு வந்து, "சார், இந்த ஒரு இடம்தான தப்பு?" என்று விரல் வைத்துக் காட்டினாள். உண்மையிலேயே ஒரே ஒரு குறிதான் தவறியிருந்தது. மற்ற எல்லாம் சரி. அந்தத் தாளை வைத்தே ஸ்டெப் மார்க் போடும் முறையைச் சொல்கிறேன். புதிதாகத் திருத்த வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இது உதவும்.

கணக்கு இதுதான்:

```
(x − 1)/2 − (x − 4)/3 = 2
```

முதலில், தாளைத் தொடும் முன் விடைக்குறிப்பை எழுதுங்கள்

கணக்கை நீங்களே ஒருமுறை முழுதாகப் போட்டு, எந்த வரிக்கு எவ்வளவு என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். முதல் தாளைத் திருத்திக்கொண்டே முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால், பத்தாவது தாளுக்குள் உங்கள் அளவுகோல் மாறிவிடும்.

```
3(x − 1) − 2(x − 4) = 12      1
3x − 3 − 2x + 8 = 12          1
x + 5 = 12                    1
x = 12 − 5                    1
x = 7                         1
```

இந்த ஐந்து மார்க்கும் ஒரே வகை இல்லை. முதல் வரி, மூன்றாவது வரி, நான்காவது வரி ஆகியவை முறைக்கான மார்க். மீ.பொ.ம. 6 என்று கண்டுபிடித்து, வலப்பக்கத்து 2-ஐயும் சேர்த்துப் பெருக்கத் தெரிகிறதா, ஒத்த உறுப்புகளைச் சேர்க்கத் தெரிகிறதா, எண்ணைப் பக்கம் மாற்றத் தெரிகிறதா என்று அவை பார்க்கின்றன. இரண்டாவதும் ஐந்தாவதும் துல்லியத்துக்கான மார்க். பிரிட்டிஷ் தேர்வு வாரியங்களின் விடைக்குறிப்பில் முறைக்கு M1, துல்லியத்துக்கு A1 என்று தனித்தனியாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நீங்களும் ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நான் முறைக்கு 'மு', துல்லியத்துக்கு 'து' என்று எழுதுவேன்.

அடுத்து, முதன்முதலில் தவறிய வரியைத் தேடுங்கள்

அந்த மாணவி எழுதியது:

```
3(x − 1) − 2(x − 4) = 12
3x − 3 − 2x − 8 = 12
x − 11 = 12
x = 12 + 11
x = 23
```

கடைசியிலிருந்து மேலே போகாதீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள். முதல் வரி சரி. இரண்டாவது வரியில் −2-ஐ −4-ஆல் பெருக்கினால் +8 வர வேண்டும், −8 என்று இருக்கிறது. அந்தக் குறியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடுங்கள். அந்த வரி முழுவதையும் அடிக்க வேண்டாம். தவறு குறியில் இருக்கிறது, வரியில் இல்லை. மாணவருக்கும் அது கண்ணில் பட வேண்டும்.

அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருக்கும்போது இந்தத் தவறு அடிக்கடி வரும். மைனஸை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, இரண்டாவது உறுப்பை அப்படியே இறக்கிவிடுவார்கள். இது அவசரமா, புரியாமையா என்று ஒரு கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதே தாளில் இன்னொரு மைனஸ் அடைப்புக்குறி இருந்தால் அங்கே பாருங்கள். இரண்டு இடத்திலும் இப்படியே என்றால் பாடம் மறுபடி நடத்த வேண்டியிருக்கிறது. ஆனால் மார்க்கை அதற்காக மாற்ற வேண்டாம். ஒவ்வொரு கணக்குக்கும் அதற்குள் இருக்கும் வேலைக்குத்தான் மார்க்.

இனி அவர் எழுதிய எண்ணை வைத்தே நீங்களும் கணக்கைத் தொடருங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். வட்டம் போட்ட பிறகு உங்கள் விடைக்குறிப்பை ஓரமாக வையுங்கள். 3x − 3 − 2x − 8 = 12 என்பதுதான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு நீங்களே போடுங்கள். x − 11 = 12 வருகிறதா? வருகிறது, ஒரு மார்க். −11 வலப்பக்கம் போகும்போது +11 ஆகிறதா? ஆகிறது, இன்னொரு மார்க். 12 + 11 என்பது 23-தானே? ஆமாம்.

அப்போது இரண்டாவது வரியின் துல்லிய மார்க் மட்டும் போகிறது. கடைசி மார்க்கைத் தருவதா வேண்டாமா என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபடும். சில விடைக்குறிப்புகள் இறுதி விடைக்கான மார்க் சரியான விடைக்கு மட்டுமே என்று கறாராகச் சொல்லும். அப்படியென்றால் இந்தத் தாளுக்கு 3. தவறான எண்ணிலிருந்து சரியாகத் தொடர்ந்தாலும் மார்க் உண்டு என்று சொல்லும் விடைக்குறிப்பும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ft என்று குறிப்பது அதைத்தான். அதன்படி 4.

வகுப்புத் தேர்வில் நான் 4 தருவேன். ஒரே குறிக்காக இரண்டாவது வரியில் ஒரு மார்க், ஐந்தாவது வரியில் ஒரு மார்க் என்று இரண்டு முறை குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொதுத்தேர்வுத் தாள் என்றால் என் விருப்பம் செல்லாது, கையில் கொடுத்திருக்கும் விடைக்குறிப்பு என்ன சொல்கிறதோ அதுதான். எப்படி முடிவு செய்தாலும், முதல் தாளுக்கு முன்பே முடிவு செய்து எல்லாத் தாளுக்கும் அதையே வையுங்கள்.

கேள்வியில் "விடையைச் சரிபார்க்க" என்றும் இருந்தால் விஷயம் வேறு. x = 23 என்று போட்டால் இடப்பக்கம் 11 − 19/3 வரும், அது 2 ஆகாது. அதை எழுதிவிட்டு "பொருந்தவில்லை" என்று மாணவர் சொன்னால் சரிபார்த்தலுக்கான மார்க்கை முழுதாகத் தருவேன். போட்டுப் பார்க்காமலே "சரி" என்று எழுதியிருந்தால் கிடையாது.

தொடர்ச்சி மார்க் எங்கே நிற்க வேண்டும்?

தவறிய குறி கணக்கைச் சுலபமாக்கிவிட்டால் நிற்க வேண்டும். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

```
x² + 6x = 9
```

சரியாகப் போட்டால் x² + 6x − 9 = 0. சூத்திரத்தில் பிரதியிட்டால் தன்மைகாட்டி 36 + 36 = 72, √72 = 6√2, மூலங்கள் −3 ± 3√2. இதற்கு ஐந்து மார்க் என்று வையுங்கள்: பொது வடிவத்துக்கு 1, சூத்திரத்துக்கு 1, பிரதியிடலுக்கு 1, √72-ஐச் சுருக்குவதற்கு 1, இரண்டு மூலங்களுக்கும் சேர்த்து 1.

ஒரு மாணவர் 9-ஐப் பக்கம் மாற்றும்போது குறியை மாற்ற மறந்து x² + 6x + 9 = 0 என்று எழுதுகிறார். தன்மைகாட்டி 36 − 36 = 0, x = −3. அவருடைய வரிகளில் அதன்பிறகு ஒரு பிழைகூட இல்லை. "ஒரு குறிதானே" என்று 4 போடத் தோன்றும். ஆனால் √72-ஐச் சுருக்கும் வேலையை அவர் செய்யவே இல்லை, இரண்டு வெவ்வேறு மூலங்களைப் பிரித்து எழுதவும் இல்லை. அந்தத் தவறு அவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. செய்யாத வேலைக்கு மார்க் கிடையாது. சூத்திரத்துக்கும் பிரதியிடலுக்கும் சேர்த்து 2. சூத்திரம் போடாமல் (x + 3)² = 0 என்று காரணிப்படுத்தியிருந்தாலும் 2 தருவேன், ஏனென்றால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க அதுவும் செல்லுபடியாகும் முறை.

முதல் கணக்கில் −8 எழுதிய மாணவி செய்த வேலை, சரியாக எழுதியவர் செய்த அதே அளவு வேலை. இங்கே அப்படி இல்லை. 4-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் வரும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: தவறுக்குப் பிறகும் அதே திறமையைக் காட்ட வேண்டியிருந்ததா?

விடை சரியாக இருக்கும் தாள்களையும் வரி வரியாகப் படியுங்கள்

7 என்று பார்த்ததும் ஐந்து போட்டுவிட்டு நகர்ந்தால் இது உங்கள் கண்ணில் படாது:

```
3(x − 1) − 2(x − 4) = 12
3x − 3 − 2x − 8 = 12
x + 5 = 12
x = 7
```

இரண்டாவது வரியில் அதே −8. மூன்றாவது வரியில் −3-ஐயும் −8-ஐயும் சேர்த்து +5. இரண்டு குறிப் பிழைகள் ஒன்றை ஒன்று அடித்துவிட்டன. −11 வந்திருக்க வேண்டிய இடம் அது. நேர்மையாகத் திருத்தினால் இரண்டாவது வரியின் மார்க்கும் மூன்றாவது வரியின் மார்க்கும் போகும், 3 மிஞ்சும். (x = 12 − 5 என்று தனியாக எழுதாததற்கு நான் குறைப்பதில்லை, அது மனக்கணக்கு.) கடைசி மார்க்கையும் தருவேன், x + 5 = 12 என்ற அவருடைய வரியிலிருந்து 7 சரியாகத்தான் வருகிறது.

ஆக, 23 எழுதியவருக்கு 4, 7 எழுதியவருக்கு 3. இதைக் கேட்டு வகுப்பில் சத்தம் வரும், வரட்டும். இரண்டு தாளையும் பெயர் மறைத்துக் கரும்பலகையில் அருகருகே எழுதி, மார்க்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். மூன்றாவது வரிக்கு வரும்போது யாராவது ஒருவர் "மைனஸ் பதினொன்னுல்ல?" என்று கேட்பார்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு வரியில் −8 என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் +8 என்று எடுத்துக்கொண்டதைப்போலத் தொடர்ந்திருந்தால், அது கை தவறி எழுதியதாகவும் இருக்கலாம். ஓரத்தில் −3 + 8 = 5 என்று கிறுக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் முழு மார்க் தரலாம். பென்சிலால் போட்ட ஓரக் கணக்கை அழித்துவிடாதீர்கள் என்று தேர்வுக்கு முன்பே மாணவர்களிடம் சொல்லிவைப்பது இதற்காகத்தான்.

கடைசியாக, வட்டத்துக்குப் பக்கத்தில் மார்க்கை எங்கே குறைத்தீர்கள் என்று எழுதுங்கள். "−1" என்று அந்த வரியிலேயே போட்டால் போதும். தாளின் மேலே மொத்தம் மட்டும் இருந்தால் மாணவருக்கும் தெரியாது, பெற்றோர் கேட்கும்போது உங்களுக்கும் நினைவிருக்காது. நான் பூஜ்யம் போட்ட அந்தத் தாளை அன்றே வாங்கி, இரண்டாவது வரியில் "−1" எழுதி, மேலே 4 என்று மாற்றிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போய், வட்டத்துக்குக் கீழே +8 என்று எழுதி, அங்கிருந்து மறுபடி போட ஆரம்பித்தாள்.