பிஷ்கேக் வரும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு: ரூபாய்க்கு எத்தனை சோம்?

மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தான் வருகிறீர்கள். பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதம் எல்லாவற்றையும் உங்களை அனுப்புகிறவர்களே வரிசையாகச் சொல்லித் தந்திருப்பார்கள். ஊரில் அப்பா வங்கிக்குப் போகும்போது பான் அட்டை, ஏ2 படிவம், கல்லூரி கொடுத்த கட்டணக் கடிதம் மூன்றும் கையில் இருந்தால் பணம் அனுப்பும் வேலை அரை நாளில் முடியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. இங்கே கட்டணம் இந்த நாட்டு நாணயமான சோமில் கேட்கிறார்கள், அங்கே பணம் ரூபாயில் இருக்கிறது, நடுவில் டாலர் மட்டும்தான் இருக்கிறது.

பிஷ்கேக்கில் பணம் மாற்றும் கடைகளின் பலகையில் டாலர், யூரோ, ரூபிள், கசாக்கின் டெங்கே இருக்கும். ரூபாயைத் தேட வேண்டாம். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ வங்கியில் போய் சோம் என்ன விலை என்று கேட்டால் அவர்களிடமும் அந்த விலை இருக்காது. இரண்டு நாணயத்துக்கும் டாலரில்தான் விலை. அந்த இரண்டு விலையிலிருந்து ரூபாய்க்கும் சோமுக்கும் இடையிலான விலையை நாமேதான் எடுக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்காகப் பாருங்கள். ராகி மூட்டை 3,600 ரூபாய், ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டை ராகிக்கு எத்தனை பெட்டி தக்காளி? 3,600-ஐ 300-ஆல் வகுத்தால் 12. ராகிக்காரரும் தக்காளிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, ரூபாய்தான் நடுவில் நின்றது. இங்கே ரூபாயின் இடத்தில் டாலர் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நிஜ மண்டியில் 12 பெட்டி கிடைக்காது. நீங்கள் ராகியை விற்றால் 3,520 தருவார்கள், வாங்கப் போனால் 3,680 கேட்பார்கள். தக்காளியை விற்றால் 280, வாங்கினால் 320. ராகியை விற்றுத் தக்காளி வாங்குகிறவருக்கு 3,520 வகுத்தல் 320, அதாவது 11 பெட்டிதான். இரண்டு இடத்திலும் கடைக்காரருக்குச் சாதகமான விலைதான் நடக்கும். 3,600, 300 என்பவை நடுவிலை. நடுவிலையில் யாரும் யாருக்கும் எதையும் விற்பதில்லை. போனில் தேடினால் முதலில் வந்து நிற்கும் விகிதமும், ரிசர்வ் வங்கியின் பக்கத்தில் நாள்தோறும் வரும் குறிப்பு விலையும் அப்படிப்பட்டவைதான். மார்க்கெட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவை உதவும், கட்டணக் கணக்குக்கு உதவாது.

இனி ரூபாய்க்கும் சோமுக்கும் வருவோம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் போடும் நாளில் அன்றைய விலையை அதே இடத்தில் வையுங்கள்.

ஊரில் வங்கி டாலரை 88.90 ரூபாய்க்கு விற்கிறது, 86.80 ரூபாய்க்கு வாங்குகிறது. பிஷ்கேக்கில் கடை டாலரை 87.20 சோமுக்கு வாங்குகிறது, 87.60 சோமுக்கு விற்கிறது. பலகையில் ரஷ்ய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு எண்ணில் சிறியது அவர்கள் உங்களுக்குத் தருவது, பெரியது அவர்கள் உங்களிடம் கேட்பது. எந்த நாட்டுப் பலகையிலும் ஒரு டாலருக்கு இத்தனை என்று போட்டிருந்தால் இது மாறாது.

விடுதிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து 1,50,000 சோம் கட்ட வேண்டும். ஊரில் எவ்வளவு ரூபாய் தேவை? பணம் நடக்கும் வழியிலேயே நாமும் நடக்க வேண்டும். அப்பா வங்கியிடமிருந்து டாலர் வாங்குகிறார், அதனால் வங்கி விற்கும் விலை: 88.90. நீங்கள் இங்கே அந்த டாலரைக் கடையில் விற்கிறீர்கள், அதனால் கடை வாங்கும் விலை: 87.20.

```
1 KGS = 88.90 ÷ 87.20 = 1.0195 INR
```

ஒரு சோமுக்கு 1.0195 ரூபாய். இதை டாலர் வழியாகவும் சரிபாருங்கள்: 1,50,000-ஐ 87.20-ஆல் வகுத்தால் 1,720.18 டாலர். அதை 88.90-ஆல் பெருக்கினால் 1,52,924 ரூபாய். நான் சொல்வது, எப்போதும் இந்த இரண்டாவது வழியிலேயே போடுங்கள். நடுவில் டாலர் எண் கண்ணுக்குத் தெரிவதால் தவறு உடனே பிடிபடும். வங்கியும் டாலர் எண்ணைத்தான் படிவத்தில் கேட்கும். 1.0195-ஐ 1.02 என்று சுருக்கினால் இந்தத் தொகையில் 75 ரூபாய் போல வித்தியாசம் வரும். 1 என்று சுருக்கினால் 2,924 ரூபாய் காணாமல் போகும்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிதான் வருகிறது. கொஞ்ச காலமாகவே ஒரு டாலருக்கு வரும் ரூபாயும் ஒரு டாலருக்கு வரும் சோமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன. ஜப்பான் போகிறவர் எதை எதால் வகுப்பது என்று மாற்றிப் போட்டுவிட்டால் விடை கேலிக்கூத்தாக வரும், ஒரு யென்னுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். சோமில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சரியாகப் போட்டால் 1.0195, தலைகீழாகப் போட்டால் 0.9809. இரண்டும் நம்பும்படியே இருக்கின்றன. எது சரி என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வீட்டில் இப்படித்தான் போட்டார்கள். 87.20-ஐ 88.90-ஆல் வகுத்தார்கள், 0.9809 வந்தது, அதை ஒரு சோமின் விலை என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் சோம். 1,50,000 சோமுக்கு 1,47,132 ரூபாய் போதும் என்று அனுப்பினார்கள். அது 1,655 டாலர் ஆனது. வழியில் இருந்த இடைத்தரகு வங்கி 20 டாலர் பிடித்துக்கொண்டது. கைக்கு வந்த 1,635 டாலரை மாற்றியதில் 1,42,570 சோம்தான் தேறியது. 7,400 சோமுக்கு மேல் குறை, கட்டணத்துக்குக் கடைசி நாள் வேறு. அந்தச் சின்னத் தொகையை இன்னொரு முறை அனுப்ப அதே வங்கிக் கட்டணம், அதே 20 டாலர் மறுபடியும் போனது. கொடுத்த கணக்கில் ஒரு எண்கூடத் தவறில்லை, மேலே இருக்க வேண்டியது கீழே போனது மட்டும்தான். அந்தக் குடும்பம் அந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தது என்று தெரிந்தவர்களுக்கு இது ஆறாத எரிச்சல்.

இது நடக்காமல் இருக்க எண்ணுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதுங்கள். வெறும் 88.90 என்று எழுதாமல் "டாலருக்கு 88.90 ரூபாய்" என்றும், வெறும் 87.20 என்று எழுதாமல் "டாலருக்கு 87.20 சோம்" என்றும் எழுதுங்கள். எந்த நாணயத்தில் விடை வேண்டுமோ அது மேலே, எதன் விலை தெரிய வேண்டுமோ அது கீழே. ஒரு சோமின் விலை ரூபாயில் வேண்டும் என்றால் ரூபாய் மேலே, சோம் கீழே. டாலர் இரண்டிலும் இருப்பதால் அடிபட்டுப் போகும்.

எந்தப் பக்க விலையை எடுப்பது என்பதில் சந்தேகம் வந்தால் போய்த் திரும்பிப் பாருங்கள். மேலே உள்ள விலையில் 100 ரூபாய் இங்கே 98.09 சோம் ஆகிறது. அதையே திருப்பி ஊருக்குக் கொண்டு போவதானால், இங்கே டாலரை 87.60-க்கு வாங்கி அங்கே வங்கிக்கு 86.80-க்கு விற்க வேண்டும். ஒரு சோமுக்கு 0.9909 ரூபாய். 98.09 சோம் 97.19 ரூபாய் ஆகிறது. போய் வந்ததில் 2 ரூபாய் 81 காசு நஷ்டம். அப்படி நஷ்டம் வந்தால்தான் கணக்கு சரி. 100 ரூபாய் போய் 101 ஆகத் திரும்பினால் லாபம் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், வாங்கும் விலையும் விற்கும் விலையும் எங்கேயோ இடம் மாறியிருக்கின்றன.

அப்பாவிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வங்கியின் விலைப் பட்டியலில் டாலர் விற்பனைக்கே ஒன்றுக்கு மேற்பட்ட விலை இருக்கும். கணக்குக்கு அனுப்புவதற்கு TT Selling எனப்படும் விற்பனை விலை, கையில் நோட்டாக வாங்க அதைவிடக் கூடுதலான இன்னொரு விலை. நோட்டு விலையைப் பார்த்து கணக்குப் போட்டு, பிறகு வங்கி வழியாக அனுப்பினால் எண்கள் ஒட்டாது. இதற்கு மேல் வங்கிக் கட்டணமும், நாணயம் மாற்றுவதற்கான ஜி.எஸ்.டி.யும் தனி. இவற்றை விகிதத்துக்குள் திணிக்காதீர்கள். ரூபாயில் பிடிப்பதை ரூபாயில் கூட்டுங்கள், வழியில் டாலரில் பிடிப்பதை டாலரில் கூட்டுங்கள். நம் கணக்கில் 1,720.18 டாலர் கைக்கு வர வேண்டும், வழியில் 20 போகும் என்றால் அனுப்ப வேண்டியது 1,740.18. அதை 88.90-ஆல் பெருக்கினால் 1,54,702 ரூபாய். அதற்கு மேல் கட்டணமும் வரியும்.

டாலரை நோட்டாகக் கொண்டு வருகிறவர்கள் கிழிசல், மசி, முத்திரை இல்லாத நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே பழைய வரிசை நோட்டுக்கும் கசங்கிய நோட்டுக்கும் பலகையில் உள்ள விலை கிடைக்காது, சில கடைகளில் வாங்கவே மாட்டார்கள். அப்போது 87.20 என்று போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும்.

ஒரே நேரத்து விலைகளைத்தான் சேர்க்க வேண்டும். பிஷ்கேக் நம் நேரத்தைவிட அரை மணிதான் முன்னால், அதனால் இது எளிது. வெள்ளிக்கிழமை மாலை வங்கி சொன்ன ரூபாய் விலையையும் திங்கள் மதியம் இங்கே பலகையில் பார்த்த சோம் விலையையும் சேர்த்தால், நடுவில் டாலர் ஏறியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறியதாகக் கணக்கு சொல்லும். காலை பதினொரு மணிக்கு அப்பா வங்கியில் நிற்கும்போது நீங்கள் கடைப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இரண்டு எண்ணும் ஒரே தாளில், பெயரோடு இருக்கட்டும்.

தங்கையோ தம்பியோ பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போனால் இதே தாளை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அந்த நாணயங்களுக்கு டாலர் விலையைத் திருப்பிச் சொல்வது வழக்கம்: ஒரு நியூசிலாந்து டாலருக்கு 0.58 அமெரிக்க டாலர் என்பது போல. அங்கே டாலர் ஒன்றில் மேலேயும் ஒன்றில் கீழேயும் இருப்பதால் வகுக்கக் கூடாது, பெருக்க வேண்டும்: 0.58 பெருக்கல் 88.90, அதாவது 51.56 ரூபாய். பிரிட்டிஷ் பவுண்டும் யூரோவும் அதே வகைதான்.