மானியக் கணக்கில் மீதியைக் கழித்து எழுதாதீர்கள்

மானியக் கணக்கறிக்கையை முதன்முறை சரிபார்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். அனுமதித்த தொகையிலிருந்து செலவைக் கழித்து, வருவதை மீதி என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் கணக்கு எப்போதும் ஒத்துப்போகும். செலவு தப்பாக இருந்தாலும் ஒத்துப்போகும். மீதி வங்கியிலிருந்து வர வேண்டும்.

போன வருடம் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அறிக்கையைப் பார்த்தேன். மானியத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு வைத்திருந்தார்கள். அனுமதி 30,000 ரிங்கிட்: நூல்களுக்கு 12,000, கணினிக்கு 10,000, பயிற்சிப் பட்டறைக்கு 8,000.

முதலில் அனுமதிக் கடிதத்தை எடுத்து, அதில் உள்ள பிரிவுகளை அதே பெயரில், அதே வரிசையில் எக்செலில் போடுங்கள். B நிரலில் அனுமதி, C நிரலில் செலவு. செலவை அறிக்கையைப் பார்த்து எழுதாமல், ரசீதுகளைப் பிரிவுவாரியாகக் கூட்டி எழுதுங்கள். எனக்கு வந்தது 11,640, 10,450, 5,800. மொத்தம் 27,890. அறிக்கையிலும் இதே தொகை, மீதி 2,110.

அடுத்து வங்கி அறிக்கை. கடைசி நாள் இருப்பு 2,860. கொடுத்தும் இன்னும் மாற்றப்படாத காசோலை ஒன்று 300 ரிங்கிட்டுக்கு இருந்தது. அதைக் கழித்தால் 2,560. இதை D7 கட்டத்தில் கையால் எழுதிவிட்டு, வேறொரு கட்டத்தில் இப்படிப் போடுங்கள்:

```
=B5-C5-D7
```

B5, C5 இரண்டும் மொத்தங்கள். விடை பூஜ்யமாக வர வேண்டும். எனக்கு -450 வந்தது. அதாவது வங்கியில் இருக்க வேண்டியதைவிட 450 ரிங்கிட் அதிகம்.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 450 வகுபடுகிறது. அதனால் ரசீதுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. அப்புறம்தான் பிரிவுகளைக் கவனித்தேன். கணினிப் பிரிவில் அனுமதியைத் தாண்டிய தொகையும் சரியாக 450.

பொருளாளரிடம் கேட்டேன். "ஆமாண்ணே, பிரிண்டருக்குக் காசு பத்தல. சங்கத்துக் கணக்குலருந்து போட்டுக் கட்டிட்டோம்" என்றார். நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் சங்கத்துப் பணம் மானியச் செலவாகப் பதிவாகிவிட்டது. அப்படியே அனுப்பியிருந்தால், கையில் இருக்கும் 2,560-ஐ 2,110 என்று சொன்னதாகியிருக்கும்.

திருத்தம் எளிது. கணினிப் பிரிவில் 10,000 மட்டும் எழுதி, 450-ஐச் சங்கத்தின் சொந்தப் பங்களிப்பு என்று அட்டவணைக்குக் கீழே தனி வரியில், ரசீது எண்ணோடு காட்டினோம். மானியச் செலவு 27,440, மீதி 2,560. பூஜ்யம் வந்தது.

பட்டறைப் பிரிவில் 2,200 மிச்சம் இருக்கிறதே, அதிலிருந்து 450-ஐ எடுத்தால் என்ன என்று பொருளாளர் கேட்டார். மானியம் கொடுத்தவர் எழுத்தில் சம்மதித்தால் செய்யலாம். அந்தக் கடிதம் எங்களிடம் இல்லை. அதனால் பட்டறை மிச்சத்தில் கை வைக்கவில்லை.