பக்கவாட்டுச் சந்தையில் ஸ்டொகாஸ்டிக்: எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது

ஒரு பங்கு சில வாரங்களாக 400-க்கும் 430-க்கும் இடையிலேயே ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தினசரி சார்ட்டில் 0-க்கும் 100-க்கும் இடையே நகரும் ஸ்டொகாஸ்டிக் (14, 3, 3) குறிகாட்டியைப் போடுங்கள். அது 20-க்குக் கீழே போனதுமே வாங்கிவிடாதீர்கள். விலை 400-ஐ ஒட்டி இருக்கும்போது அதன் %K கோடு, %K-இன் சராசரியான %D கோட்டை மேல்நோக்கி வெட்டி, 20-ஐத் தாண்டி முடியும் நாள்வரை பொறுங்கள். ஸ்டாப்லாஸ் 394. விலை 428-ஐத் தொட்டாலோ, %K 80-க்கு மேல் போய்த் திரும்பி அதற்குக் கீழே இறங்கினாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே விற்றுவிடுங்கள்.

வாங்குமுன், போக்கு எவ்வளவு பலமானது என்று காட்டும் ADX (14) பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் மட்டும் நுழையலாம்; 25-ஐத் தாண்டினால் ஒதுங்கிவிடுங்கள். ஸ்டொகாஸ்டிக் காட்டுவது கடந்த 14 நாள் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே இன்றைய முடிவு விலை எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே. அதனால் பலமான இறக்கத்தில் அது நாள்கணக்கில் 20-க்குக் கீழேயே கிடக்கும், விலையும் சரிந்துகொண்டே போகும்.